அசல் பத்திரம் தொலைந்துவிட்டால்: தமிழ்நாட்டுச் சொத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டோம். வீடு இனி எங்களுடையதுதானா?

உங்களுடையதுதான். கிரயம் முடிந்து பதிவான அன்றே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. அந்தப் பத்திரத்தின் வாசகம் முழுவதும் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. கையிலிருந்த தாள் போனாலும் அந்தப் பதிவு அழியாது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி அலுவலகம் தரும் சான்றிட்ட நகலை, அசலில் என்ன எழுதியிருந்தது என்பதற்குச் சான்றாக நீதிமன்றம் ஏற்கும்.

நீங்கள் இழந்தது வேறொன்று. விற்கப் போனாலும் கடன் கேட்கப் போனாலும் "அசலைக் காட்டுங்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு நம்பும்படியான பதில் ஒன்று உங்களிடம் வேண்டும். போலீஸ் சான்று, பத்திரிகை அறிவிப்பு, சான்றிட்ட நகல் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பதில்.

யாராவது எடுத்துவைத்துக்கொண்டு வீட்டை விற்றுவிட்டால்?

பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு விற்பது எளிதல்ல. விற்பவர் நேரில் வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், படமும் கைரேகையும் எடுக்கப்படும். உங்களைப் போல ஒருவரை நிறுத்திவைத்து ஆள்மாறாட்டம் செய்தால்தான் முடியும். அப்படியும் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கிரயத்துக்கு உயிர் கிடையாது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்தால் வாங்கியவருக்கு எதுவும் சேராது. ஆனால் அதை ரத்து செய்ய நீங்கள்தான் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

நான் அதிகம் பயப்படுவது அடமானத்துக்கு. 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவில், உரிமைப் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக ஒப்படைப்பதே ஓர் அடமானம். பத்திரத்தைக் கொடுத்துப் பணம் வாங்கினால் போதும், தனியாக அடமானப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. வங்கிகள் வழக்கமாக இந்த ஒப்படைப்பைப் பதிவு செய்துவிடுகின்றன, அதனால் வில்லங்கச் சான்றில் தெரியும். வட்டிக்கு விடும் தனியார் எல்லோரும் பதிவு செய்வதில்லை. அந்தக் கடன் எந்தச் சான்றிலும் தெரியாது. வெளியாள் எடுத்து வைத்த அடமானம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்தவர் மகனாகவோ, தம்பியாகவோ, சொத்தில் பங்குள்ள வேறொருவராகவோ இருந்தால் விவகாரம் சிக்கலாகும். "தொலைந்தது" என்று வருகிற பத்திரங்களில் சில உண்மையில் இப்படி வீட்டுக்குள்ளிருந்தே போனவை. போலீஸுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதலில் போலீஸுக்குப் போகணுமா, ரெஜிஸ்டர் ஆபீசுக்கா?

முதலில் வில்லங்கச் சான்று பாருங்கள். tnreginet.gov.in தளத்தில் பணம் கட்டாமலேயே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள் அங்கே இருக்கின்றன. இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகாரிலும் விளம்பரத்திலும் பத்திர எண், ஆண்டு, சர்வே எண் மூன்றும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். ஓர் எண் தவறினாலும் பிறகு வரும் சான்று வேறொரு பத்திரத்தைக் குறிப்பதாகிவிடும். சமீபத்தில் யாராவது ஏதாவது பதிந்திருந்தால் அதுவும் இப்போதே கண்ணில் படும்.

தேடும்போது ஒரு நுணுக்கம். பழைய பத்திரத்தில் சர்வே எண் 112/3 என்றிருக்கும். பின்னால் உட்பிரிவு செய்யப்பட்டு இன்றைய பட்டாவில் 112/3பி2 என்று மாறியிருக்கும். பழைய எண்ணில் மட்டும் தேடினால் புதிய எண்ணில் நடந்த பதிவுகள் தப்பிவிடும், புதியதில் மட்டும் தேடினால் பழையவை தப்பிவிடும். இரண்டிலும் போடுங்கள். ஆவண எண்ணை வைத்தும் தனியாக ஒரு தேடல் போடுங்கள்.

அப்பா வாங்கிய சொத்து. பத்திர எண்ணே தெரியாது. நகல் எப்படி எடுப்பது?

எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து மனைக்காரர் அதே லேஅவுட்டில் அதே காலத்தில் வாங்கியிருந்தால் அவருடைய வில்லங்கச் சான்றில் உங்கள் மனையின் பதிவும் வந்திருக்கலாம். பட்டா மாறுதல் உத்தரவில், பழைய வீட்டுக்கடன் கோப்பில், கட்டட அனுமதிக்குக் கொடுத்த நகலில் கிடைக்கலாம். எதுவும் இல்லையென்றால் சர்வே எண்ணையும் உத்தேச ஆண்டுகளையும் கொடுத்து வில்லங்கம் போட்டால் அதிலேயே எண் வந்துவிடும்.

எண் தெரிந்ததும் அதே தளத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம், நேரிலும் கேட்கலாம். கிரயம், தானம், பாகப்பிரிவினை போன்றவை 1-ம் புத்தகத்தில் இருப்பதால் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். உயில் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் கொடுப்பார்கள்.

அலுவலகம் பிரிந்திருந்தால் கவனம் தேவை. இன்று உங்கள் ஊர் புதிய சார்பதிவகத்தின் கீழ் இருக்கலாம். பதிவான நாளில் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்ததோ, அந்த அலுவலகத்தின் பெயரில்தான் எண்ணைத் தேட வேண்டும். பழைய காலத்துப் புத்தகங்களில் பத்திரத்தைக் கையால் பார்த்து எழுதியிருப்பார்கள். அதனால் நகலில் கையெழுத்து உருவம் இருக்காது, பெயர் மட்டும் இருக்கும். அதைக் குறையென்று நினைக்க வேண்டாம்.

பதிவே செய்யாத பாகப்பிரிவினைச் சீட்டு தொலைந்திருந்தால் இந்த வழி உதவாது. அதற்கு எங்கும் நகல் கிடையாது. பங்காளிகள் சேர்ந்து இப்போது ஒரு பத்திரம் எழுதிப் பதிவதே வழி.

எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது? இங்கே போனால் அங்கே போ என்கிறார்கள்.

எங்கே தொலைந்ததோ அந்த எல்லை. சொத்து இருக்கும் ஊரோ பதிவான ஊரோ அல்ல. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் வழியில் தவறியிருந்தால் அந்தக் கடை இருக்கும் எல்லை. எங்கே போனதென்றே தெரியாமல், பீரோவில் இல்லை என்பது மட்டும் தெரிந்தால் நீங்கள் குடியிருக்கும் எல்லை.

புகாரில் கதை வேண்டாம், விவரம் வேண்டும். பத்திரத்தின் வகை, எண், ஆண்டு, சார்பதிவகம், யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது, சர்வே எண், விஸ்தீரணம், கடைசியாக எப்போது எங்கே பார்த்தீர்கள், இல்லை என்று எப்போது தெரிந்தது, இதுவரை எங்கே தேடினீர்கள். "எந்த நபரிடமும் வங்கியிடமும் இதை ஈடாகக் கொடுக்கவில்லை" என்ற வரியையும் சேருங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும். அடகு வைத்துவிட்டுத் தொலைந்தது என்று எழுதிக்கொடுப்பது பொய்ப் புகார், அதுவே தனிக் குற்றம். இந்த வேலையைச் சிலர் செய்வதால்தான் ஸ்டேஷனில் உங்களையும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் எண் போட்டுத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் தொலைந்த விவகாரத்துக்கு முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள், அது சரிதான். திருட்டு என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், உதாரணமாக பீரோ உடைந்திருந்தால் அல்லது பை பறிபோயிருந்தால், வழக்குப் பதியச் சொல்லி வற்புறுத்துங்கள். ஸ்டேஷனில் வாங்கவே மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் ஆய்வாளருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். நகரமென்றால் ஆணையருக்கு.

போலீஸ் வெப்சைட்டில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துவிட்டேன். அது போதாதா?

போதாது. அது நீங்கள் தட்டச்சு செய்ததை அப்படியே பதிந்து தரும் தாள். யாரும் விசாரிக்கவில்லை, தேடவில்லை. சொத்துப் பத்திரத்துக்கு வாங்குபவரின் வழக்கறிஞரும் வங்கியும் கேட்பது, விசாரித்தும் பத்திரம் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் கையெழுத்திட்டு முத்திரை வைத்த சான்று. பேச்சில் என்.டி.சி. என்பார்கள்.

பேப்பரில் எப்படி விளம்பரம் கொடுப்பது?

சொத்து இருக்கும் பகுதியில் விற்கும் தமிழ் நாளிதழின் பதிப்பில் கொடுங்கள். பின்னால் வங்கிக் கடன் வரும் என்று தெரிந்தால் ஓர் ஆங்கில நாளிதழிலும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். சில வங்கிகளின் சட்ட ஆலோசகர்கள் இரண்டையும் கேட்பார்கள். வழக்கறிஞர் பெயரில் வருவதே நல்லது. வாசகம் இப்படி இருக்கலாம்:

"எனது கட்சிக்காரர் இன்னாருக்குச் சொந்தமான, இன்ன கிராமம் சர்வே எண் 112/3-ல் 2,400 சதுர அடி மனைக்கான, இன்ன சார்பதிவகத்தில் 1997-ம் ஆண்டின் 1843-ம் எண்ணாகப் பதிவான அசல் கிரயப் பத்திரம் இன்ன தேதியில் இன்ன இடத்தில் தவறிவிட்டது. கண்டெடுத்தவர்கள் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும். இப்பத்திரத்தின் பேரில் உரிமையோ கடனோ கோருபவர்கள் 15 நாட்களுக்குள் ஆதாரத்துடன் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "கண்டெடுத்தவர்கள் கொடுக்கவும்" என்று மட்டும் போட்டால் அது தொலைந்த பொருள் விளம்பரம். உரிமை கோருபவரை அழைத்தால்தான் அது அறிவிப்பு. அந்த அழைப்புக்கு யாரும் வரவில்லை என்பதுதான் நாளைக்கு உங்கள் பக்கம் பேசும். ஆதார் எண், சொந்தக் கைப்பேசி எண் எதையும் போட வேண்டாம். பத்திரம் கிடைத்திருக்கிறது, முன்பணம் அனுப்பு என்று கேட்கும் அழைப்புகள் வரும். வெட்டிய துண்டை மட்டும் வைக்காமல், நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

இதெல்லாம் எந்த வரிசையில், எவ்வளவு நாளில் நடக்கும்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

மேலே சொன்ன 1997-ம் ஆண்டுப் பத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வாங்கியவர் காலமாகிவிட்டார். மனைவியும் ஒரு மகன், ஒரு மகளும் வாரிசுகள். மகளின் படிப்புக் கடனுக்காக ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் கோப்பு தவறிவிட்டது.

அன்றே கடைக்கும் வந்த ஆட்டோவுக்கும் திரும்பப் போய்க் கேட்கிறார்கள். இரவில் வில்லங்கம் பார்த்து 1843/1997 என்ற எண்ணை உறுதி செய்கிறார்கள், அதற்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை. மறுநாள் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம், கடை இருக்கும் எல்லையில் புகார். புகாரில் மனைவி மட்டும் கையெழுத்திட்டால் பிறகு மற்ற இருவரின் ஒப்புதலைக் கேட்பார்கள் என்பதால் மூவரும் கையெழுத்திட்டு, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைக்கிறார்கள். சி.எஸ்.ஆர். கிடைத்த வாரமே அந்த எண்ணையும் குறிப்பிட்டு விளம்பரம் வருகிறது.

15 நாள் கெடு முடிந்ததும், ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று வழக்கறிஞர் எழுதிய கடிதம், முழுப் பக்கம், சான்றிட்ட நகல், புதிய வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஸ்டேஷனில் கொடுத்துக் கண்டறிய முடியவில்லை என்ற சான்று கேட்கிறார்கள். கடைக்காரரிடம் வாக்குமூலம் வாங்கி, ஆய்வாளர் கையெழுத்தாகி வர மேலும் சில வாரங்கள் ஆகலாம். எல்லாம் சரியாகப் போனால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம். கடைசியாக மூவரும் நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைக்கிறார்கள்: பத்திரம் தொலைந்த விதம், யாரிடமும் ஈடு வைக்கவில்லை என்பது, கிடைத்தால் வாங்குபவரிடம் ஒப்படைப்போம் என்பது.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எண்களைச் சரிபார்த்தார்கள் என்று வையுங்கள். 1843 என்பது 1834 ஆகியிருந்தால் அப்போதே திருத்திவிடலாம். ஐந்து வருடம் கழித்து, ஆய்வாளர் மாறிப்போன பிறகு முடியாது.

வங்கியிலேயே தொலைத்துவிட்டார்கள். நாங்கள் அலைய வேண்டுமா?

2023 செப்டம்பர் 13-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு உங்களுக்கு ஆதரவாக இருக்கிறது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தொலைந்தோ சேதமாகியோ இருந்தால் சான்றிட்ட நகல் எடுத்துத்தர வங்கியே உதவ வேண்டும், செலவும் வங்கியுடையது. அதற்காக மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம், அதாவது மொத்தம் 60 நாளுக்குப் பிறகுதான் இழப்பீடு கணக்காகும். 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித்தர வேண்டியவற்றுக்கு இது பொருந்தும்.

பணத்தைவிட முக்கியமானது ஒரு கடிதம். கடனுக்காக வாங்கிய பத்திரங்களின் பட்டியல், அவை வங்கியின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தன என்ற ஒப்புதல், கடன் முடிந்தது என்ற உறுதி மூன்றும் வங்கியின் தலைப்புத்தாளில் வேண்டும். அடமான ஒப்படைப்பு பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரமும் பதிந்து வில்லங்கத்தைத் தீர்த்துவிடுங்கள். புகாரை வங்கியே கொடுக்கட்டும்.

விற்கும்போது சார்பதிவாளர் அசல் இல்லாமல் பதிவாரா? சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்திருக்கிறதே?

2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ சேர்க்கப்பட்டது. முந்தைய அசல் பத்திரம் காட்ட வேண்டும், தொலைந்திருந்தால் போலீஸ் சான்றும் பத்திரிகை அறிவிப்பும் காட்ட வேண்டும் என்றது அது. 2025 ஏப்ரலில், கே. கோபி வழக்கில், 55-ஏ(1) விதி பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதே மாத இறுதியில், அந்தக் கட்டாயத்தைச் சட்டத்திலேயே கொண்டுவரும் திருத்த மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

அதனால் பதியப்போகும் வாரத்தில் உங்கள் சார்பதிவகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பை நம்பிப் போலீஸ் சான்றைத் தவிர்க்க நினைப்பது புத்திசாலித்தனம் அல்ல. சார்பதிவாளர் கேட்காவிட்டாலும் வாங்குபவர் கேட்பார், அவருடைய வங்கி கட்டாயம் கேட்கும். பத்திரம் பதிந்துவிட்டது, விலை மட்டும் வரவில்லை என்றால் என்ன பயன்?

மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதினால் புது அசல் வந்துவிடும், பழையது வேண்டாம் என்கிறார் புரோக்கர். சரியா?

அரைகுறை. புதிய அசல் ஒன்று வரும், உண்மைதான். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உச்சவரம்போடு இருப்பதால் செலவும் தாங்கும். ஆனால் வங்கி வழக்கறிஞர் உங்கள் மனைவியின் பத்திரத்தோடு நிற்க மாட்டார், உங்களுக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போவார். அங்கே அதே ஓட்டை. தொலைந்ததை மறைத்து எழுதியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

சான்றெல்லாம் வாங்கிவிட்டோம். இனி சொத்தை எப்படிக் காவல் காப்பது?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வில்லங்கம் பாருங்கள், பழைய எண், புதிய எண் இரண்டிலும். வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதியும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் கட்டணம் கட்டி ஒரு முறை தேடிப்பாருங்கள். தனியார் கடன் அங்கே வராது, வங்கிக் கடன் வரும்.

சார்பதிவாளருக்கு சி.எஸ்.ஆர். நகலோடு ஓர் ஆட்சேபணை மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைக்கலாம். அது பதிவைத் தடுக்கும் உத்தரவு அல்ல. ஆனால் அலுவலகம் உஷாராக இருக்கும், பின்னால் வழக்கு வந்தால் நீங்கள் முன்பே சொன்னதற்கு ஆதாரமாகும்.

பட்டா இன்னும் அப்பா பெயரிலோ பழைய உரிமையாளர் பெயரிலோ இருந்தால் அதை மாற்றுவதுதான் மிக அவசரம். பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். காலிமனை என்றால் வேலி போட்டுப் பெயர்ப்பலகை வையுங்கள். மோசடிக்காரர்கள் தேடுவது ஆள் நடமாட்டம் இல்லாத, வெளியூர்க்காரர் மனையைத்தான்.

ரெண்டு வருஷம் கழித்துப் பழைய பத்திரம் கிடைத்துவிட்டால்?

நகலைக் கிழிக்க வேண்டாம், அசலை ஒளிக்கவும் வேண்டாம். சான்று கொடுத்த ஸ்டேஷனுக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். சொத்தை இதற்குள் விற்றிருந்தால் அசல் வாங்கியவருக்கு உரியது, உறுதிமொழியில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் கடன் வாங்கியிருந்தால் அவருடைய வங்கி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். விற்கவில்லையென்றால், போலீஸ் சான்றையும் கிடைத்த கடிதத்தையும் அசலோடு ஒரே கோப்பில் வைத்து, அடுத்து எழுதும் பத்திரத்தில் இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.